பாதியில் நின்ற ஒரு சொல்லும் ஓர் இரவும்

"ஒரு சிறுகதை எழுதிக்கொண்டிருக்கிறேன். கம்பெனி ஒன்றில் பயிற்சிக்கு வந்த பெண், சண்டையில் முடிந்த போர்டு மீட்டிங்கின் மூன்று மணி நேர ரெக்கார்டிங்கைக் கேட்டு, விடிவதற்குள் சுருக்கம் எழுதித் தர வேண்டும். எழுதிப் பார்த்தால் ஹெட்போன், தட்டச்சு, விடியல் என்று தட்டையாக இருக்கிறது. அப்படி ஒரு இரவில் உண்மையில் என்ன வேலை நடக்கும்? கதை எதில் இருக்கிறது?"

கம்பெனி செக்ரட்டரியாக இருபது வருடங்களுக்கு மேல் வேலை பார்த்திருக்கிறேன். போர்டு மீட்டிங்கில் உட்கார்ந்து மினிட்ஸ், அதாவது கூட்டத்தின் அதிகாரபூர்வக் குறிப்பு, எழுதுவது அந்த வேலையின் முக்கியமான பகுதி. சிறுகதையின் வடிவம் பற்றி உங்களுக்குச் சொல்ல நான் ஆள் இல்லை. ஆனால் அந்த இரவு எனக்குத் தெரியும். பயிற்சிக் காலத்தில் நானும் ஒரு ரெக்கார்டிங்கோடு விடியும்வரை உட்கார்ந்திருக்கிறேன். அதை வைத்துச் சொல்கிறேன்: அந்தப் பெண்ணுக்கு முன்னால் இருக்கும் கேள்வி "என்ன பேசினார்கள்?" என்பதைவிட "என்ன முடிவானது?" என்பதுதான். சண்டை நடந்த கூட்டத்தில் இந்த இரண்டாவது கேள்விக்குப் பதில் ரெக்கார்டிங்கில் இல்லாமலே போகலாம். உங்கள் கதைக்கு உரிய இடம் அங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

முதலில் ஒரு நடைமுறைச் சிக்கலைத் தீர்த்துவிடுங்கள். மினிட்ஸ் எழுத யாரும் ஒரு ராத்திரிதான் தருவார்கள் என்பதில்லை. உதாரணமாக இந்தியாவில் உள்ள விதிப்படி, வரைவை 15 நாளுக்குள் இயக்குநர்களுக்கு அனுப்பினால் போதும். அவர்கள் கருத்துச் சொல்ல 7 நாள். குறிப்பேட்டில் ஏற்ற 30 நாள். எனக்குத் தெரிந்தவரை மற்ற நாடுகளிலும் இந்த வேலை மறுநாள் காலையில் முடிந்தாக வேண்டும் என்று சட்டம் நெருக்குவதில்லை. அதனால் அவசரத்துக்கு நீங்கள் ஒரு காரணம் கொடுக்க வேண்டும். நிஜத்தில் நான் பார்த்த காரணங்களில் மிகச் சாதாரணமானது வங்கி. கடன் தொகையை விடுவிப்பதற்கு முன் வங்கி, "இந்தக் கொள்முதலுக்குப் போர்டு ஒப்புதல் கொடுத்திருக்கிறது" என்று தீர்மானத்தின் சான்றளித்த நகல் ஒன்றைக் கேட்கும். காலை பத்து மணிக்கு அது போய்ச் சேர வேண்டும் என்றால், நகலில் கையெழுத்துப் போடும் செக்ரட்டரிக்கு முந்தைய இரவே ஒரு சுருக்கம் தேவைப்படும். அவர் எழுதிய குறிப்புகள் சண்டையின்போது குழம்பிப்போயிருக்கும். "நான் எழுதினதோட ஒத்துப் பார்க்கணும், நீ தனியாக் கேட்டு எழுதிக் கொடும்மா" என்று பயிற்சிப் பெண்ணிடம் கொடுப்பது நம்பக்கூடிய விஷயம். கையெழுத்துப் போடுபவர் செக்ரட்டரி, பெண் இல்லை என்பதையும் கதையில் தெளிவாக வையுங்கள். நடக்காத தீர்மானத்தை நடந்ததாகச் சான்றளிப்பது சின்னத் தவறு கிடையாது. அந்தப் பாரம் யார் தலையில் விழும் என்று பெண்ணுக்குத் தெரிந்திருந்தால்தான் அவள் ஒரு சொல்லுக்காக இத்தனை நேரம் உட்காருவாள்.

அடுத்தது கணக்கு. பலர் பேசும் ரெக்கார்டிங்கை வரிக்கு வரி எழுத எவ்வளவு நேரமாகும் என்று இந்தத் தொழிலில் இருப்பவர்களிடம் கேட்டால், தெளிவான ஒரு மணி நேரப் பேச்சுக்கு நான்கு மணி நேரம் என்பார்கள். ஒருவர்மேல் ஒருவர் பேசினால் இன்னும் அதிகம். மூன்று மணி நேரம் என்றால் குறைந்தது பன்னிரண்டு மணி நேரம். இரவு ஒன்பதுக்கு உட்கார்ந்து எழுத ஆரம்பித்தால் காலை ஒன்பதுக்குக்கூட முடியாது. உங்கள் கதை தட்டையாகத் தெரிவதற்குக் காரணம் இதுவாகக்கூட இருக்கலாம். அவள் எல்லாவற்றையும் தட்டச்சு செய்துகொண்டே போகிறாள். எதைத் தேர்ந்தெடுப்பது என்ற நெருக்கடி அவளுக்கு வரவே இல்லை. வேலை தெரிந்தவர்கள் முதல் சுற்றில் ஒரு வரிகூட எழுத மாட்டார்கள். ஒன்றரை மடங்கு வேகத்தில் முழுவதையும் ஒருமுறை ஓடவிட்டு, நேரத்தை மட்டும் குறிப்பார்கள்: எந்தப் பொருள் எந்த நிமிடத்தில் தொடங்கியது, எங்கே குரல் உயர்ந்தது, எங்கே "சரி, அப்போ முடிவு பண்ணிடலாம்" என்று தலைவர் சொன்னார். மூன்று மணி நேரம் இரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடும். பதினோரு மணிக்கு அவள் கையில் ஒரு பக்கத் தாள் இருக்கும். அதில் நான்கைந்து இடங்களைச் சுற்றி வட்டம் போட்டிருப்பாள். மீதி இரவு முழுக்க அந்த வட்டங்களுக்குத்தான்.

காதில் ஹெட்போன் மாட்டுவதற்கு முன்னால் அவள் மேசையில் மூன்று காகிதங்கள் இருக்க வேண்டும்: நிகழ்ச்சி நிரல், இயக்குநர்களுக்கு முன்கூட்டி அனுப்பிய விளக்கக் குறிப்புகள், வருகைப் பதிவு. எண்களைக் காதால் பிடிப்பது மோசமான பழக்கம். எழுநூறும் எண்ணூறும் கத்தலுக்கு நடுவில் ஒன்றுபோலவே கேட்கும். ஆனால் விலை, பரப்பளவு, தவணை எல்லாம் விளக்கக் குறிப்பில் அச்சிட்டே இருக்கும். பேச்சில் கேட்ட எண் அதோடு ஒத்துப்போகவில்லை என்றால், காது தவறியிருக்கலாம். அல்லது கூட்டத்தில் விலையையே மாற்றியிருக்கலாம். இரண்டில் எது என்று பார்ப்பதே ஒரு வேலை.

வருகைப் பதிவைப் பற்றிச் சொல்லும்போது என் சொந்தத் தவறு நினைவுக்கு வருகிறது. அந்தக் கம்பெனியின் பெயர் வேண்டாம். போர்டில் அண்ணன் தம்பி இருவர் இருந்தார்கள். இருவருக்கும் ஒரே குரல். ஒரு செலவுக்கு அண்ணன் எதிர்ப்புத் தெரிவித்ததைத் தம்பி பெயரில் எழுதிவிட்டேன். எனக்குச் சந்தேகமே வரவில்லை, அதுதான் என்னை இன்றுவரை உறுத்துகிறது. சந்தேகம் வந்திருந்தால் கேட்டிருப்பேன். மறுநாள் செக்ரட்டரி மேடம் என் வரைவைப் படித்துவிட்டு வருகைப் பதிவை என் பக்கம் தள்ளினார். தம்பி பதினொன்று ஐம்பதுக்கே கிளம்பிப் போயிருந்தார், கையெழுத்தும் நேரமும் இருந்தது. நான் எழுதிய எதிர்ப்பு பன்னிரண்டேகாலுக்கு. அன்றிலிருந்து முதல் சுற்றிலேயே குரல் பட்டியல் ஒன்று போடுவேன். ஒவ்வொருவரையும் தலைவர் பெயர் சொல்லி அழைக்கும் முதல் இடத்தைக் குறித்துக்கொண்டு, சந்தேகம் வரும்போதெல்லாம் அந்த இடத்துக்குத் திரும்பிப் போய்க் குரலை ஒப்பிட்டுப் பார்ப்பேன். உங்கள் பெண் இதைச் செய்வதாகக் காட்டலாம். படிப்பவருக்கும் ஒவ்வொரு இயக்குநரும் முகம் தெரியாத ஒரு குரலாக அறிமுகமாகிவிடுவார்கள்.

இனி சண்டை. அறையில் உட்கார்ந்திருந்தவருக்குப் புரிந்த சண்டை ரெக்கார்டிங்கில் புரியாது. இதற்குத் தெளிவான காரணம் உண்டு. நமக்கு இரண்டு காது. ஒலி எந்தத் திசையிலிருந்து வருகிறது என்பதை வைத்து, பத்துப் பேர் பேசும் இடத்திலும் ஒருவரை மட்டும் பிரித்துக் கேட்கிறோம். காலின் செரி என்ற ஆய்வாளர் 1953-இல் இதைச் சோதித்து எழுதினார். மேசையில் வைத்த ஒற்றை மைக்கில் அந்தத் திசை போய்விடுகிறது. எல்லாக் குரலும் ஒரே புள்ளியிலிருந்து வரும். இரண்டு பேர் சேர்ந்து பேசினால் இரண்டுமே கெடும். அது மட்டுமில்லை. மைக்குக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவர் பெரிய ஆளாகக் கேட்பார், கோடியில் இருப்பவர் முணுமுணுப்பாகக் கேட்பார். இரவு முழுக்கக் கேட்டால் அருகில் இருந்தவர்தான் கூட்டத்தை நடத்தினார் என்று தோன்ற ஆரம்பிக்கும். எழுதும் சுருக்கத்திலும் அவருக்கு நான்கு வரி, கோடியில் இருந்தவருக்கு அரை வரி. இது யாரும் வேண்டுமென்று செய்வதில்லை. கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு: சுருக்கத்தை முடித்தபின் ஒவ்வொருவர் பெயரும் எத்தனை முறை வந்திருக்கிறது என்று எண்ணி, யார் எங்கே உட்கார்ந்திருந்தார்கள் என்பதோடு வைத்துப் பார்க்க வேண்டும். மேசையைத் தட்டும் ஓசை வேறு, மரம் வழியாக நேராக மைக்குக்குள் போய் இடிபோல விழும்.

ஒரு நிகழ்வை முழுதாக வைத்துப் பார்ப்போம். போர்டில் ஏழு பேர். ஒருவர் வரவில்லை. ஐந்து பேர் அறையில், ஒருவர் வெளியூரிலிருந்து வீடியோவில். கிடங்கு ஒன்றை வாங்கும் தீர்மானம். விற்கும் நிறுவனத்தில் இயக்குநர் ஒருவருடைய மைத்துனருக்குப் பெரும் பங்கு. அதனால் அந்த இயக்குநர் வாக்களிக்கவில்லை. மீதி ஐந்து வாக்கு. தலைவரும் நிர்வாக இயக்குநரும் ஆதரவு. கம்பெனியோடு வேறு தொடர்பில்லாத சுயேச்சை இயக்குநர்கள் இருவரும் எதிர்ப்பு. ஐந்தாவது வாக்கு வீடியோவில் இருப்பவருடையது. ரெக்கார்டிங்கில் 2 மணி 17-ஆவது நிமிடத்தில் அவர் குரல் ஒலிபெருக்கி வழியாக மெலிதாக வருகிறது: "நான் இதுக்கு சம்மதிக்க..." அந்த நொடியில் மேசையை யாரோ ஓங்கித் தட்டுகிறார்கள். மூன்று பேர் ஒன்றாகப் பேசுகிறார்கள். இருபத்தைந்து நொடி கழித்துத் தலைவர், "சரி சரி, நிறைவேறினதா எடுத்துக்கலாம், அடுத்த பொருளுக்குப் போவோம்" என்கிறார்.

தமிழில் கூட்டம் நடந்தால் இந்த ஆபத்து எப்போதும் உண்டு. நம் வாக்கியத்தில் ஆமாவும் இல்லையும் வினைச்சொல்லின் வாலில்தான் இருக்கிறது. குறுக்கே பேசுபவர்கள் அறுப்பதும் அந்த வாலைத்தான். "சம்மதிக்கறேன்" என்றால் மூன்றுக்கு இரண்டு, தீர்மானம் நிறைவேறியது. "சம்மதிக்கல" என்றால் இரண்டுக்கு மூன்று, தோற்றது. அவர் எதுவும் சொல்லவில்லை என்று கொண்டால் இரண்டுக்கு இரண்டு. கம்பெனியின் உள்விதிகளான ஆர்டிகிள்ஸ், வாக்குகள் சமமாகும்போது போடும் முடிவு வாக்கைத் தலைவருக்குக் கொடுத்திருந்தால் மட்டும் அவர் தீர்க்கலாம். அந்த வாக்கைப் பயன்படுத்துவதாகவும் அவர் சொல்லியிருக்க வேண்டும். ஒரு அசைக்குப் பின்னால் ஒரு கிடங்கும் வங்கிக் கடனும் நிற்கின்றன.

பத்தரை மணிக்கு, முதல் சுற்றில், அவள் "சம்மதிக்கல" என்று கேட்பாள். சண்டையின் சூடு இன்னும் காதில் இருக்கிறது. பதினொன்றரைக்கு அதே இடத்துக்குத் திரும்பி வருவாள், இந்த முறை தலைவர் பின்னால் "நிறைவேறியது" என்று சொல்வது அவளுக்குத் தெரியும். இப்போது "சம்மதிக்கறேன்" என்று கேட்கும். இரண்டு முறையும் சந்தேகத்துக்கு இடமில்லாமல் கேட்டிருக்கும். கவனம் சிதறியதால் வந்த பிழை இல்லை இது, நம் காது வேலை செய்யும் முறையே இதுதான். 1970-இல் ரிச்சர்ட் வாரன் என்ற உளவியலாளர் ஒரு சொல்லின் நடுவில் ஓர் ஒலியை வெட்டியெடுத்துவிட்டு அந்த இடத்தில் ஓர் இருமலை வைத்தார். கேட்டவர்களுக்கு அந்தச் சொல் முழுதாகக் கேட்டது. இருமல் எந்த இடத்தில் வந்தது என்றுகூட அவர்களால் சரியாகச் சொல்ல முடியவில்லை. விடுபட்ட இடம் வெறும் மௌனமாக இருந்தால் நமக்குத் தெரிந்துவிடும். அதை ஓர் ஓசை மூடியிருந்தால் மூளையே சொல்லை நிரப்பிவிடும். எதை வைத்து நிரப்புகிறது என்றால், முன்னும் பின்னும் உள்ள சொற்களையும் நாம் எதிர்பார்ப்பதையும் வைத்துத்தான். அந்த மேசைத் தட்டு வாரனுடைய இருமலின் வேலையைச் செய்துவிட்டது. நாற்பது முறை கேட்டாலும் அவள் கேட்பது தன் எதிர்பார்ப்பைத்தான். தூக்கம் கண்ணைச் சுழற்றும் நேரத்தில் இது இன்னும் மோசமாகும்.

இதற்கு அனுபவசாலிகள் செய்வது ஒன்று: சந்தேகமான இடத்தில் முதலில் கேட்டதை, பின்னால் வருவதைக் கேட்பதற்கு முன்பே, எழுத்துக்கு எழுத்து எழுதிவிடுவது. "சம்மதிக்க (ஓசை)". அவ்வளவுதான், வாலை ஒட்ட வைக்கக் கூடாது. அந்தத் துண்டுத் தாள் பிறகு அவளுடைய சொந்தக் காதுக்கே எதிர்சாட்சி. இன்னொரு வழி, விஷயம் தெரியாத ஒருவருக்கு அந்த ஆறு நொடியை மட்டும் போட்டுக் காட்டிக் கேட்பது. இங்கேதான் அவளுக்கு ஆசை வரும். இரவு ஒரு மணிக்குத் தோழிக்கு வாட்ஸ்அப்பில் ஆறு நொடி அனுப்பினால் போதும். அனுப்பக் கூடாது. போர்டுக்குள் நடந்தது வெளியே போகக் கூடாது என்பதில் ஆறு நொடி, மூன்று மணி நேரம் என்ற வித்தியாசம் கிடையாது. பங்குச் சந்தையில் இருக்கும் கம்பெனி என்றால் இன்னும் பெரிய சிக்கல். செய்யக்கூடிய சோதனை, ஆனால் செய்ய அனுமதி இல்லாத சோதனை. அவளை அந்த இடத்தில் கொஞ்ச நேரம் நிறுத்தி வையுங்கள்.

அவள் முறையாகத் தேடக்கூடிய இடம் ரெக்கார்டிங்கின் மிச்சப் பகுதி. நிறைவேறியதாக அறிவித்த பிறகு அந்த ஐந்தாவது இயக்குநர் என்ன செய்தார்? 2 மணி 41-ஆவது நிமிடத்தில் பணம் எப்போது கட்ட வேண்டும் என்று நிதி அதிகாரி கேட்கிறார். வீடியோவில் இருப்பவர் மறுக்கவில்லை. அப்படியானால் சம்மதம்தானே? இது ஊகம் மட்டுமே. மறுக்காமல் இருந்ததை வைத்து வாக்கு எழுத முடியாது. தலைவர் அறிவித்தார் என்பது உறுதி. இருவர் ஆதரவு, இருவர் எதிர்ப்பு என்பது உறுதி. ஐந்தாமவர் வாய் திறந்தார் என்பது உறுதி. அவர் எந்தப் பக்கம் என்பது மட்டும் உறுதியில்லை.

கதையின் திருப்பத்துக்கு நான் பரிந்துரைப்பது ஒரு சாதாரணக் கருவிச் சமாச்சாரம். கூட்ட அறைகளில் இருக்கும் பழைய அல்லது மலிவான ஒலிபெருக்கிக் கருவிகள் பல, ஒரு நேரத்தில் ஒரு பக்கத்தை மட்டுமே விடும். அறைக்குள் யாராவது உரக்கப் பேசினால், எதிரொலி வராமல் இருக்க, தொலைவிலிருந்து வரும் குரலை அது தானாகவே அமுக்கிவிடும். மூன்று மணி சுமாருக்கு அவள் சலித்துப்போய்க் கூட்டத்தின் அமைதியான முதல் பகுதியை மறுபடி ஓடவிடுகிறாள். தலைவர் உரக்கச் சிரிக்கும்போது வீடியோக் குரல் அறுகிறது. யாரோ பலமாக இருமும்போது மறுபடி அறுகிறது. அப்போதுதான் அவளுக்குப் புரிகிறது: அந்தச் சொல்லின் வால் ஓசைக்கு அடியில் புதைந்து கிடக்கவில்லை. அது அந்த அறைக்குள் வந்து சேரவே இல்லை. அறையில் இருந்த ஐந்து பேரும் அதைக் கேட்கவில்லை. ஒவ்வொருவரும் தனக்கு வேண்டிய வாலை ஒட்டிக்கொண்டு வீட்டுக்குப் போயிருக்கிறார்கள். வெளியூரில் இருந்தவரோ வாக்கியத்தை முடித்துவிட்டு, தன் குரல் கேட்டது என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். இதற்கு மேல் திருப்பித் திருப்பிக் கேட்பதில் பயனில்லை என்று தெரிவது அந்த இரவின் பெரிய விடுதலை. ஒரு எச்சரிக்கை: வீடியோ மென்பொருளே கூட்டத்தைப் பதிவு செய்திருந்தால் அவருடைய குரல் அதில் முழுதாக இருக்கலாம். அதனால் உங்கள் கதையில் பதிவு செய்தது மேசைமேல் இருந்த சிறிய ரெக்கார்டர் மட்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் வேலை தெரிந்த வாசகர் முதலில் அதைத்தான் கேட்பார்.

எழுதும் வேலைக்கு வருவோம். சண்டையின் பதினொரு நிமிடம் சுருக்கத்தில் மூன்று நான்கு வாக்கியம் ஆகும். "உங்க மச்சான் சொத்தை எங்க தலையில கட்டப் பாக்கறீங்களா?" என்று ஒருவர் கத்தினார் என்றால், "விற்பனை நிறுவனத்துடன் இயக்குநர் ஒருவருக்கு உள்ள உறவு குறித்தும், சுதந்திரமான மதிப்பீடு இல்லாதது குறித்தும் கேள்வி எழுப்பப்பட்டது" என்று வரும். 1876-இல் ஹென்றி ராபர்ட் வெளியிட்ட கூட்ட விதிகளிலிருந்து இன்றுவரை இந்தத் துறையில் சொல்லும் பாடம், பேசியதைவிடச் செய்ததை எழுது என்பதுதான். ஆனால் கத்தலை நீக்கும்போது கேள்வியையும் சேர்த்து நீக்கிவிடக் கூடாது. "விவாதித்து நிறைவேற்றப்பட்டது" என்று ஒரே வரியில் முடித்தால், மதிப்பீடு இல்லை என்று இருவர் சுட்டிக்காட்டியது காற்றில் போய்விடும். அமெரிக்காவின் டெலவேர் உச்ச நீதிமன்றம் 1985-இல் தீர்த்த வான் கோர்கம் வழக்கில், கம்பெனியையே விற்கும் முடிவை இயக்குநர்கள் சுமார் இரண்டு மணி நேரக் கூட்டத்தில், இருபது நிமிட வாய்மொழி விளக்கத்தை வைத்து, ஒப்பந்தத்தைப் படிக்காமலேயே எடுத்திருந்தார்கள். போதிய தகவல் இல்லாமல் முடிவெடுத்ததற்கு அவர்கள் பொறுப்பு என்று தீர்ப்பானது. ஒரு முடிவுக்கு முன்னால் எதைக் கேட்டார்கள், எதைப் பார்த்தார்கள் என்பதற்கு மினிட்ஸ்தான் பிற்காலத்தில் சாட்சி. எதிர்த்தவர்களுக்கும் அது கவசம். இந்தியாவின் 2013 கம்பெனிச் சட்டம் 118-ஆவது பிரிவில், நிறைவேறிய தீர்மானத்தை ஏற்காத இயக்குநர்களின் பெயரை எழுதியே ஆக வேண்டும் என்கிறது. அவதூறாகவோ சம்பந்தமில்லாமலோ இருப்பதைச் சேர்க்காமல் விடும் அதிகாரமும் அதே பிரிவில் உண்டு, ஆனால் அது கூட்டத் தலைவருக்கு. பயிற்சிப் பெண்ணுக்கு இல்லை. எதை மறைப்பது என்ற முடிவை அவளே எடுக்கும்படி கதையில் வைத்துவிடாதீர்கள். அவள் செக்ரட்டரிக்குக் கொடுப்பதில் எல்லாம் இருக்க வேண்டும்.

புதியவர்கள் விழும் இன்னொரு குழி, போன கூட்டத்தின் மினிட்ஸைத் திறந்து அதன் மேலேயே எழுதுவது. அதில் "சம்பந்தப்பட்ட இயக்குநர் தம் ஈடுபாட்டை அறிவித்து வாக்களிப்பிலிருந்து விலகினார்" என்ற வரி தயாராக இருக்கும். அழகான வரி. இந்தக் கூட்டத்தில் அவர் அப்படி அறிவித்தாரா? உங்கள் பெண் தேடிப் பார்த்தால், அவர் வாக்களிக்கவில்லை என்பது தெரியும், அறிவித்த இடம் எங்கும் கிடைக்காது. அவர் வாயிலிருந்து வராத வாக்கியத்தை அந்தத் தயார் வரி அவளைக்கொண்டு எழுத வைக்கப் பார்க்கும். அவள் அந்த வரியை அழித்துவிட்டு, "அறிவித்ததாகப் பதிவில் கேட்கவில்லை" என்று எழுத வேண்டும். நான்கு மணிக்கு, தூக்கத்தில், இதைச் செய்வதற்கு மனத்தில் கொஞ்சம் உரம் வேண்டும்.

அப்புறம் அந்த ஐந்தாவது வாக்கு. என்னிடம் பயிற்சிக்கு வந்தவர்கள் இதை இப்படி எழுதியிருந்தால் நான் சந்தோஷப்பட்டிருப்பேன்: "2:17:40. வீடியோவில் இணைந்த இயக்குநர்: 'நான் இதுக்கு சம்மதிக்க' (மேற்கொண்டு கேட்கவில்லை, அறை ஓசையால் கருவி அவர் குரலைத் துண்டித்திருக்கலாம், இதேபோல் 0:22, 0:40). 2:18:05. தலைவர் நிறைவேறியதாக அறிவித்தார். வாக்கு எண்ணிக்கை சொல்லப்படவில்லை. அந்த இயக்குநரிடம் கேட்டு உறுதி செய்த பிறகே நகல் கொடுக்க வேண்டும் என்று கருதுகிறேன்." கடைசி வரியை எழுதலாமா என்று அவள் தயங்குவாள். பயிற்சிக்கு வந்தவள் செக்ரட்டரிக்கு யோசனை சொல்லலாமா என்று. அதை எழுதி, அழித்து, மறுபடி எழுதட்டும்.

காலை எட்டரைக்குச் செக்ரட்டரி வருகிறார். நின்றபடியே படிக்கிறார், அந்த வரியில் நிற்கிறார், போனை எடுக்கிறார். பெண் எதிரில் இருக்கிறாள். இரவு முழுக்க அவள் இரண்டு வால்களை மட்டுமே ஒட்டிப் பார்த்திருக்கிறாள், சம்மதிக்கறேன், சம்மதிக்கல. போனில் இயக்குநர் சொல்கிறார்: "தெளிவாத்தானே சொன்னேன் மேடம்? நான் இதுக்கு சம்மதிக்கணும்னா முதல்ல வெளி ஆள் மதிப்பீடு வேணும்னு சொன்னேன்." மூன்றாவது வால் அவளுக்குத் தோன்றவே இல்லை. அவர் நேற்று அப்படித்தான் சொன்னாரா, இரவில் யோசித்து இன்று மாற்றிச் சொல்கிறாரா என்பதை அந்த ரெக்கார்டரை வைத்து யாராலும் சொல்ல முடியாது, அதையும் அப்படியே விட்டுவிடுங்கள். செக்ரட்டரிக்கு அது தெரிய வேண்டிய அவசியமும் இப்போது இல்லை. வாக்கு உறுதியாகவில்லை என்றால் நகலில் கையெழுத்து இல்லை. அவர் தலைவரை அழைத்து, இந்தப் பொருளைப் போர்டு முன்னால் மறுபடி வைக்க வேண்டும் என்கிறார். அடுத்து வங்கியை அழைத்து, பத்து மணிக்கு நகல் வராது என்கிறார். பிறகு அவளுடைய தாளைக் கோப்பில் வைக்கும்போது, "சம்மதிக்க (ஓசை)" என்று அவள் முந்தைய இரவு பத்தரைக்குக் கிறுக்கிய அந்தத் துண்டையும் கேட்டு வாங்கிச் சேர்த்துக் கட்டுகிறார்.